பாஸ்போர்ட் போலீஸ் வெரிஃபிகேஷன்: அதிகாரி தேடி வரும்போது நீங்கள் கிடைக்க என்ன செய்ய வேண்டும்

பாஸ்போர்ட் சேவா மையத்தில் மூன்று கவுண்டர்களையும் முடித்துவிட்டு வெளியே வந்ததும், பெரிய வேலை முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். முதல்முறை சாதாரண முறையில் விண்ணப்பிப்பவர்களுக்குப் பெரும்பாலும் இனிமேல்தான் போலீஸ் வெரிஃபிகேஷன். அது சரியாக முடிந்து அறிக்கை போனால்தான் பாஸ்போர்ட் அச்சாகும். தட்கலில் பொதுவாக பாஸ்போர்ட் முதலில் வந்துவிடும், விசாரணை பிறகு நடக்கும். புதுப்பிப்பவர்களுக்குச் சில சமயம் விசாரணையே இருக்காது. உங்களுக்கு எது என்பதை பாஸ்போர்ட் அலுவலகம்தான் முடிவு செய்யும்.

காவல்துறை முக்கியமாகப் பார்ப்பது இரண்டு விஷயங்கள். நீங்கள் இந்தியக் குடிமகன்தானா, உங்கள் மேல் குற்ற வழக்கு ஏதும் இருக்கிறதா. வழக்கு விவரத்தைக் காவல் நிலையப் பதிவேட்டிலேயே பார்த்துக்கொள்வார்கள். அதிகாரி வீட்டுக்கு வருவது, விண்ணப்பத்தில் உள்ள ஆள் அந்த முகவரியில்தான் இருக்கிறாரா என்று உறுதி செய்ய. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் வீட்டுக்கு வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இப்போது இல்லை. சில இடங்களில் ஆவணங்களோடு காவல் நிலையத்துக்கு வரச் சொல்வார்கள். ஆனால் வருவார் என்று நினைத்துத் தயாராக இருப்பதுதான் நல்லது.

நான் பார்த்தவரை, ஆவணம் இல்லாமல் சிக்கியவர்களைவிட ஆள் கிடைக்காமல் சிக்கியவர்கள்தான் அதிகம். அதனால் இந்தப் பதிவில் அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

படி 1: விண்ணப்பம் நிரப்பும்போதே தொடங்குங்கள்

அதிகாரி வருவது தற்போதைய முகவரிக்கு. ஆதார் சொந்த ஊர் முகவரியில் இருக்கிறது என்பதற்காக, சென்னையில் குடியிருந்துகொண்டு ஊர் முகவரியைத் தற்போதைய முகவரியாகப் போடாதீர்கள். ஊர்க் காவல் நிலையத்திலிருந்து ஆள் போய்க் கேட்டால், "அவர் மெட்ராஸில வேலை பாக்குறார்" என்று அக்கம்பக்கத்தில் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். அங்கே வசிக்கவில்லை என்று அறிக்கை போய்விடும். முதலில் ஆதாரில் முகவரியை மாற்றுங்கள். இல்லையென்றால் தற்போதைய முகவரியில் உள்ள வங்கி பாஸ்புக், கேஸ் இணைப்பு, பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் போன்ற வேறு சான்றைக் கொடுங்கள்.

அடுத்து, படிவத்தில் காவல் நிலையத்தை நீங்கள்தான் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நிலையம் எது என்று பார்க்காதீர்கள். உங்கள் தெரு எந்த நிலையத்தின் எல்லைக்குள் வருகிறது என்று வீட்டு உரிமையாளரிடமோ நிலையத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள். தவறான நிலையத்துக்குக் கோப்பு போனால் அங்கிருந்து மாறி வருவதற்குள் நாட்கள் ஓடிவிடும்.

மொபைல் எண் உங்கள் கையில் இருக்கும் எண்ணாக இருக்கட்டும். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்த கடைக்காரரின் எண்ணையோ அப்பாவின் எண்ணையோ போட்டுவிட்டால், அதிகாரியின் அழைப்பு உங்களுக்கு வராது.

படி 2: கோப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

மையத்தில் தரும் ஒப்புகைச் சீட்டில் கோப்பு எண் இருக்கும். passportindia.gov.in தளத்தில் Track Application Status என்ற இடத்தில் அதையும் பிறந்த தேதியையும் கொடுத்தால் நிலவரம் தெரியும். போலீஸ் வெரிஃபிகேஷன் தொடங்கியதாக வந்த நாளிலிருந்து தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்புகளையும் எடுங்கள். அதிகாரிகள் பெரும்பாலும் தங்கள் சொந்த மொபைலிலிருந்துதான் கூப்பிடுவார்கள். தெரியாத எண்களைத் தடுக்கும் வசதி போனில் இருந்தால் அணைத்துவிடுங்கள்.

அந்தச் சில வாரங்களில் ஊருக்குப் போகாமல் இருப்பது நல்லது. போயே ஆக வேண்டுமென்றால், அதிகாரி கூப்பிடும்போது எந்தத் தேதியில் திரும்புவீர்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள். அதுவரை அறிக்கையை எழுதி அனுப்பிவிடாமல் காத்திருக்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

படி 3: வீட்டைக் கண்டுபிடிக்க வழி செய்யுங்கள்

என் மைத்துனருக்கு நடந்ததைச் சொல்கிறேன். சென்னையில் மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தார். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், இரவு எட்டு மணிக்குத்தான் வீடு திறக்கும். வாசலில் பழைய கதவு எண் மட்டும் எழுதியிருந்தது. விண்ணப்பத்தில் இருந்ததோ புதிய எண். வந்த அதிகாரி தெருவில் இரண்டு முறை நடந்து, ஒருவழியாக வீட்டைக் கண்டுபிடித்து, கீழ்வீட்டில் இருந்த உரிமையாளரின் அம்மாவிடம் விண்ணப்பத்தில் உள்ள முழுப்பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். இனிஷியலை விரித்து, அப்பா பெயரோடு சேர்ந்த பெயர். அந்த அம்மாவுக்குத் தெரிந்ததோ வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயர். "அப்படி யாரும் இல்லையே" என்று சொல்லிவிட்டார். அதிகாரி கூப்பிட்டபோது மைத்துனர் மீட்டிங்கில் இருந்ததால் போனை எடுக்கவில்லை. அந்த முகவரியில் வசிக்கவில்லை என்று அறிக்கை போய்விட்டது.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சின்ன ஏற்பாடு இருந்திருந்தால் இது நடந்திருக்காது. வாசலில் பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதுங்கள். மாடி வீடானால் கீழே கேட்டின் பக்கத்தில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். வீட்டு உரிமையாளர், பக்கத்து வீட்டுக்காரர், அடுக்ககமானால் வாட்ச்மேன் ஆகியோரிடம் விண்ணப்பத்தில் உள்ள முழுப்பெயரைச் சொல்லி, "போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு வருவாங்க, உடனே எனக்கு ஒரு போன் போடுங்க" என்று நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் சான்றாளர்களாகக் கொடுத்த இரண்டு பேருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

படி 4: அதிகாரி வரும் நாள்

அழைப்பு வந்தால், எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டு அந்த நேரத்தில் வீட்டில் இருங்கள். வேலை நேரம் ஒத்துவரவில்லை என்றால் காலை ஒன்பதுக்கு முன்னாலோ மாலையிலோ வர முடியுமா என்று மரியாதையாகக் கேட்கலாம், பலர் ஒத்துக்கொள்வார்கள். குடும்பத்தினர் வீட்டில் இருந்தாலும் விண்ணப்பதாரரை நேரில் பார்க்க வேண்டும் என்பார்கள்.

ஒரு கவரில் ஆதார், மையத்தில் கொடுத்த முகவரிச் சான்று, பிறந்த தேதிச் சான்று, ஒப்புகைச் சீட்டு ஆகியவற்றின் அசலும் நகலும், இரண்டு புகைப்படமும் எடுத்து வையுங்கள். எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள், எங்கே வேலை, இதற்கு முன் எங்கே இருந்தீர்கள் என்று கேட்பார். பக்கத்து வீட்டுக்காரரிடமும் கேட்கலாம், சில இடங்களில் கையெழுத்தும் வாங்குவார்கள். சந்தேகமாக இருந்தால் அடையாள அட்டையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். வங்கி விவரமோ ஓடிபியோ யார் கேட்டாலும் தராதீர்கள், அது இந்த விசாரணையில் இல்லாத விஷயம்.

இதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது. இந்த வேலைக்காக வெளியுறவு அமைச்சகமே மாநிலக் காவல்துறைக்குப் பணம் தருகிறது. 21 நாட்களுக்குள் அறிக்கை போனால் 150 ரூபாய், தாமதமானால் 50 ரூபாய். அதனால் பெட்ரோலுக்கு, டீக்கு என்று நீங்கள் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.

அறிக்கை பாதகமாகப் போய்விட்டால்

ட்ராக் செய்யும்போது அது தெரியும், பாஸ்போர்ட் அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதமும் வரும். அவசரப்பட்டுப் புது விண்ணப்பம் போடாதீர்கள். கோப்பு எண்ணோடு மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போய், அந்த முகவரியில்தான் வசிக்கிறீர்கள் என்பதற்கான சான்றுகளோடு மறு விசாரணை கேட்டு எழுதிக் கொடுங்கள். மைத்துனர் வாடகை ஒப்பந்தத்தையும் அந்த முகவரியில் வந்த கேஸ் பில்லையும் வைத்து அப்படித்தான் கேட்டார். இரண்டாவது முறை அதிகாரி வந்தபோது, கீழ்வீட்டு அம்மாவே கதவைத் திறந்து முழுப்பெயரைச் சொல்லி மாடிக்குக் கூட்டிப்போனார்.