13,200 ரூபா வித்தியாசம்: கட்டுப்பாட்டுக் கணக்கில் நாம் விடும் பிழைகள்

புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் நான் கணக்கெழுதத் தொடங்கிய முதல் வருடம். வாடிக்கையாளர்கள் எல்லோரும் கடைக்குத் தர வேண்டியதை ஒரே தொகையாகக் காட்டுவது கடன்பட்டோர் கட்டுப்பாட்டுக் கணக்கு. மார்ச் மாத முடிவில் அதன் மீதி 2,205,000 ரூபா. ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு உள்ள துணைப் பேரேட்டில் இருந்த வாடிக்கையாளர்களின் மீதிகளைப் பட்டியல் போட்டுக் கூட்டினால் 2,191,800 ரூபா. இரண்டும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும். வித்தியாசம் 13,200.

டியூஷன் வகுப்பில் சொல்லித்தந்த ஒரு குறுக்குவழி எனக்குத் தெரியும். வித்தியாசத்தைப் பாதியாக்கிப் பார், அந்தத் தொகை எங்காவது பக்கம் மாறி எழுதப்பட்டிருக்கும். பாதி 6,600. பேரேட்டைப் புரட்டியபோது கொட்டாஞ்சேனைக் கடைக்காரர் ஒருவரின் கணக்கில், கடன் குறையும் செலவுப் பக்கத்தில், அதே 6,600 இருந்தது. இது காசு வந்ததாக இருக்காது, திரும்பிய செக்காகத்தான் இருக்கும், கடன் கூடும் வரவுப் பக்கத்தில் விழ வேண்டியது என்று நானே முடிவுகட்டி மாற்றி எழுதினேன். பட்டியல் சரியாக 13,200 கூடியது. இரண்டும் பொருந்திவிட்டன. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

ஏப்ரலில் அந்தக் கடைக்காரர் 6,600 ரூபாவுக்கான ரசீதோடு வந்து நின்றார். அவர் கட்டிய காசு அது. கடையின் மூத்த கணக்காளர் என்னைத் திட்டவில்லை. மார்ச் ஏடுகளை எல்லாம் மேசையில் பரப்பி, "தம்பி, முதலில் நீ மாற்றியதைத் திரும்ப எழுது. அப்புறம் தொடக்கத்தில் இருந்து பார்ப்போம்" என்றார். அந்த மாதத்தில் நான்கு பிழைகள் இருந்தன. ஒன்றிலும் 6,600 இல்லை.

அந்த நான்கையும் பார்க்குமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கடன் விற்பனையும் இரண்டு வழியில் பயணிக்கிறது. விற்பனை நாளேட்டில் உள்ள ஒவ்வொரு பில்லும் உரிய வாடிக்கையாளரின் கணக்கில் தனித்தனியாக வரவு வைக்கப்படுகிறது. மாத முடிவில் அதே நாளேட்டின் மொத்தம் ஒரே தொகையாகக் கட்டுப்பாட்டுக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. காசேட்டுக்கும் திரும்பல் நாளேட்டுக்கும் இதே கதைதான். இரட்டைப் பதிவு நடப்பது கட்டுப்பாட்டுக் கணக்கில்தான். வாடிக்கையாளர் கணக்குகள் வெறும் விபரப் பதிவுகள். அதனால் அவற்றுக்குள் எத்தனை பிழை இருந்தாலும், பொதுப் பேரேட்டின் வரவு, செலவு மீதிகளை ஒப்பிடும் பரீட்சை மீதி அசையாது, பொருந்தியபடியே இருக்கும். துணைப் பேரேட்டுப் பிழைகளைக் காட்டிக்கொடுப்பது இந்த இரண்டு வழிகளின் ஒப்பீடுதான். (தமிழ்நாட்டுப் புத்தகம் வைத்துப் படிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: நாங்கள் வரவு, செலவு என்பதை அவர்கள் பற்று, வரவு என்பார்கள். எங்கள் 'வரவு' அங்கே எதிர்ப்பக்கம்.)

இதிலிருந்தே மிக மோசமான தவறும் புரியும். சில கடைகளில் மாத முடிவில் வாடிக்கையாளர் கணக்குகளில் எழுதியவற்றைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையையே கட்டுப்பாட்டுக் கணக்கில் போடுவார்கள். நாளேட்டைத் தொடுவதே இல்லை. மீதிகள் ஒவ்வொரு மாதமும் அழகாகப் பொருந்தும். பொருந்தாமல் எப்படி இருக்கும்? ஒரே தொகையை இரண்டு இடத்தில் எழுதிவிட்டு ஒப்பிடுகிறார்கள். ஒரு பில் பிழையாகப் பதியப்பட்டால் அந்தப் பிழையும் கூடவே கட்டுப்பாட்டுக் கணக்குக்கு வந்துவிடும்.

சரி, மார்ச் மாதத்துக்கு வருவோம். ஆரம்ப மீதி 1,840,000, கடன் விற்பனை 2,615,000, திரும்பிய செக் 45,000. இவை வரவுப் பக்கம், மொத்தம் 4,500,000. செலவுப் பக்கத்தில் பெற்ற காசு 2,190,000, கொடுத்த கழிவு 31,000, திரும்பிய சரக்கு 74,000. ஆக மொத்தம் 2,295,000. மீதி 2,205,000.

மூத்தவர் முதலில் செய்தது நாளேட்டுப் பக்கங்களை மறுபடி கூட்டிப் பார்த்தது. விற்பனை நாளேட்டின் ஒரு பக்கத்தில் கூட்டல் 10,000 குறைந்திருந்தது. வாடிக்கையாளர் கணக்குகளுக்கு இதனால் பாதிப்பு இல்லை, அவை ஒவ்வொரு பில்லாகப் பதியப்பட்டவை. மொத்தம் மட்டும்தான் பிழை. எனவே கட்டுப்பாட்டுக் கணக்கில் 10,000 வரவு, விற்பனைக் கணக்கில் 10,000 செலவு. இரண்டு பக்கமும் ஒரே அளவு குறைந்திருந்ததால் பரீட்சை மீதி இதைச் சொல்லியிருக்கவே மாட்டாது. திருத்திய மீதி 2,215,000.

இப்போது வித்தியாசம் 13,200 இலிருந்து 23,200 ஆனது. நான் பதறிவிட்டேன். உண்மையான பிழையைத் திருத்தினால் வித்தியாசம் குறையத்தானே வேண்டும்? அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. 13,200 என்பது எதிரும் புதிருமான பல பிழைகள் ஒன்றையொன்று தின்றுவிட்டு மிஞ்சியது. ஒன்றை அகற்றினால் மற்றவை முழு உருவில் தெரியும். வித்தியாசம் கூடிவிட்டதே என்று சரியான திருத்தத்தை அழித்துவிடுவது நான் பின்னாளில் பலரிடம் கண்ட தவறு.

இரண்டாவது பிழை, கொழும்பில் மொத்த வியாபாரம் செய்பவர்கள் எல்லோருக்கும் பழக்கமான ஒன்று. வாடிக்கையாளர் ஒருவர் மார்ச் 28 அன்று 50,000 ரூபாவுக்குச் செக் கொடுத்திருந்தார். அதில் எழுதியிருந்த திகதி ஏப்ரல் 20. துணைப் பேரேடு எழுதும் பையன் செக்கைக் கண்டவுடனேயே அவர் கணக்கில் செலவு எழுதிவிட்டான். காசாளரோ வங்கியில் போடும் நாளில்தான் காசேட்டில் எழுதுவார். கட்டுப்பாட்டுக் கணக்கு காசேட்டின் மொத்தத்தில் இருந்து வருவதால், பட்டியல் மட்டும் 50,000 குறைந்துவிட்டது.

பின்திகதியிட்ட செக்குகள் உள்ள கடையில் இந்த வித்தியாசம் மாதாமாதம் வரும், தொகை மட்டும் மாறும். இது வழக்கம்தானே என்று விட்டுவிடுவார்கள். அந்த 'வழக்கமான' வித்தியாசத்துக்குள் வேறு பிழை ஒளிந்துகொண்டால் யாருக்கும் தெரியாது. செக்குகளுக்குத் தனிப் பதிவேடு ஒன்று வைத்து, வங்கியில் போடும் நாளில் காசேட்டிலும் அவரவர் கணக்கிலும் ஒன்றாக எழுத வேண்டும். வாங்கிய அன்றே எழுதத்தான் வேண்டும் என்றால், கையிலுள்ள செக்குகளுக்குப் பொதுப் பேரேட்டில் ஒரு கணக்குத் திறந்து, கட்டுப்பாட்டுக் கணக்கிலும் அன்றே எழுதிவிடலாம். இரண்டில் எதுவும் பரவாயில்லை. ஒருவர் ஒரு முறையிலும் மற்றவர் வேறு முறையிலும் எழுதுவதுதான் கூடாது. செக் திரும்பும்போதும் இதே சிக்கல் வரும். வங்கிக் கூற்றைப் பார்த்துக் காசேட்டில் எழுதுவார்கள், வாடிக்கையாளர் கணக்கில் எழுத மறந்துவிடுவார்கள்.

அந்தப் பதிவைத் திருத்தியதும் பட்டியல் 2,241,800 ஆனது. இப்போது பட்டியல்தான் 26,800 அதிகம்.

மூன்றாவது பிழை நான் பட்டியல் போட்டதிலேயே இருந்தது. ஒரு வாடிக்கையாளர் காசைக் கட்டி முடித்த பிறகு சரக்கைத் திருப்பியிருந்தார். அவர் கணக்கில் 12,500 செலவு மீதி, அதாவது நாங்கள் அவருக்குக் கொடுக்க வேண்டியது. நான் அதையும் மற்றவற்றோடு சேர்த்துக் கூட்டியிருந்தேன். கழிக்க வேண்டியதைக் கூட்டினால் பிழை இரு மடங்கு, 25,000. பட்டியல் 2,216,800க்கு இறங்கியது.

மிச்சம் 1,800. இங்கேதான் குறுக்குவழிகளுக்கு வேலை. 1,800 ஒன்பதால் மீதியின்றி வகுபடும், ஆகவே இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். 900ஆல் வகுத்தால் 2 வருகிறது. ஆயிரமிடத்திலும் நூறிடத்திலும் உள்ள இலக்கங்களுக்கு இடையே 2 வித்தியாசம் இருக்கும் ஒரு தொகையைத் தேட வேண்டும். 36,800 ரூபாப் பில் ஒன்று வாடிக்கையாளர் கணக்கில் 38,600 என்று எழுதப்பட்டிருந்தது. அதைத் திருத்தியதும் இரண்டும் 2,215,000. ஆரம்ப வித்தியாசமான 13,200 ஒன்பதால் வகுபடவே இல்லை. பாதியாக்கும் வித்தையும் ஒன்பதால் வகுக்கும் வித்தையும் ஒரேயொரு பிழை மட்டும் மிஞ்சியிருக்கும்போதுதான் உதவும்.

நான்கு பிழைகளில் ஒன்றுக்குத்தான் பொது நாளேட்டில் பதிவு தேவைப்பட்டது என்பதையும் கவனியுங்கள். மற்ற மூன்றும் துணைப் பேரேட்டிலும் பட்டியலிலும் உள்ளவை, அங்கேயே திருத்தினால் போதும். வித்தியாசத்தை, காரணம் தெரியாத தொகைகளைத் தற்காலிகமாக வைக்கும் தொங்கல் கணக்கில் போட்டுக் கட்டுப்பாட்டுக் கணக்கைப் பட்டியலுக்கு ஏற்ப மாற்றியிருந்தால், அந்தக் கணக்கில் சரியாக இருந்தவற்றையும் கெடுத்திருப்போம்.

கடன்கொடுத்தோர் பக்கத்தில் இதே முறை, பக்கங்கள் மட்டும் மாறும். இரண்டு பக்கத்தையும் ஒன்றாகத் தொடுவது எதிரீடு. நம்மிடம் சாமான் வாங்குபவரே நமக்குச் சரக்கும் தருகிறார், 60,000 ரூபாவை இரண்டு பக்கமும் கழித்துக்கொள்ளலாம் என்று தொலைபேசியில் பேசி முடிப்பார்கள். அவருடைய இரண்டு தனிக் கணக்குகளிலும் எழுதிவிட்டு, கடன்கொடுத்தோர் கட்டுப்பாட்டுக் கணக்கில் வரவும் கடன்பட்டோர் கட்டுப்பாட்டுக் கணக்கில் செலவும் வைக்க மறந்துவிடுவார்கள். ஒரே மாதத்தில் இரண்டு கட்டுப்பாட்டுக் கணக்குகளும் ஒரே தொகையால் பட்டியலைவிடக் கூடி நின்றால், முதலில் எதிரீட்டைத் தேடுங்கள்.

இப்போது எல்லாம் கணனியில், தானாகவே இரண்டு இடத்திலும் பதியும், பிழைக்கு இடமேது என்பார்கள். பில்லைப் பதியும்போது அது உண்மை. ஆனால் யாராவது பொது நாளேட்டுப் பதிவு ஒன்றைக் கட்டுப்பாட்டுக் கணக்கில் நேரடியாகப் போட்டால், அது எந்த வாடிக்கையாளரின் பெயரிலும் விழாது. அந்தக் கணக்குக்கு நேரடிப் பதிவைத் தடைசெய்ய மென்பொருளில் வசதி இருந்தால் தடுத்துவிடுங்கள்.

மீதிகள் பொருந்திய பிறகும் சில பிழைகள் உள்ளே இருக்கலாம். நாளேட்டிலேயே ஏறாத பில் இரண்டு வழியிலும் இல்லை. நாளேட்டிலேயே தொகை பிழை என்றால் இரண்டிலும் ஒரே பிழை. ஒரே பெயரில் வெள்ளவத்தையில் ஒரு ஸ்டோர்ஸ், தெமட்டகொடையில் ஒரு ஸ்டோர்ஸ் என்றால், ஒருவருடைய பில் மற்றவர் கணக்கில் விழும், மீதிப் பட்டியலின் மொத்தம் மாறாது. விடுபட்ட பில்லைப் பில் இலக்கங்களின் வரிசை காட்டும். மற்றவற்றைப் பெரும்பாலும் வாடிக்கையாளரே கண்டுபிடிப்பார், மாதாமாதம் அவருக்குக் கணக்குக் கூற்று போனால்.

அந்தக் கூற்றைக் காசு வாங்குபவரின் கையில் கொடுத்து அனுப்ப வேண்டாம். இன்று ஒருவர் கட்டிய காசை எடுத்துக்கொண்டு, நாளை வேறொருவர் கட்டும் காசை முதலாமவர் கணக்கில் எழுதினால், காசேட்டுக்கும் பேரேட்டுக்கும் ஒரே தொகைதான் போகும், மீதிகளும் பொருந்தும். இரண்டாமவரின் கணக்கில் மட்டும் கட்டிய காசு காணாமல் போயிருக்கும். அது அவருக்குத் தெரியவருவது கூற்று கைக்குக் கிடைத்தால்தான்.