லூயிஸ் மாதிரிக் கணக்கில் கூலி பூஜ்யம் என்று வந்தால்

கிராமத்தில் தேவைக்கு மேல் ஆள் இருக்கிறது, அந்த ஆள் மெல்ல மெல்லத் தொழிற்சாலைக்குப் போகிறது. ஆர்தர் லூயிஸ் 1954-இல் முன்வைத்த இரட்டைப் பொருளாதார மாதிரியின் கதை இவ்வளவுதான். கதையாகச் சொல்லச் சொன்னால் எல்லோரும் சரியாகச் சொல்கிறார்கள். எண்களைக் கொடுத்துக் கூலியும் வேலைவாய்ப்பும் கேட்டால்தான் விடைகள் தடம் மாறுகின்றன. ஒரே கணக்கை எடுத்துக்கொண்டு, அது எங்கெங்கே வழுக்குகிறது என்று பார்ப்போம்.

மொத்த உழைப்பாளர்கள் 100 பேர். நிலத்தில் A பேர், ஆலையில் M பேர். விளைச்சலை ஆண்டுக்கு இத்தனை மூட்டை என்று அளக்கிறோம். தொடக்கத்தில் ஒரு மூட்டைத் தானியமும் ஓர் அலகு ஆலைப் பொருளும் ஒரே விலை என்று வைத்துக்கொள்வோம். இன்னும் ஓர் ஆள் சேர்ந்தால் எவ்வளவு கூடும் என்பதே இறுதிநிலை உற்பத்தி.

```
A + M = 100
விளைச்சல் = 8A − 0.05A²   (A ≤ 80)
விளைச்சல் = 320           (A > 80)
ஆலையில் இறுதிநிலை உற்பத்தி = 10 − 0.5M
```

நிலத்தில் 80 பேர் இருந்தாலே 320 மூட்டை விளைந்துவிடும். அதற்கு மேல் வருகிற ஒவ்வொருவரும் விளைச்சலில் எதையும் கூட்டுவதில்லை. ஆக, 20 பேர் உபரி. ஆலைக் கூலி கிராமத்து வருமானத்தைவிட 25 விழுக்காடு அதிகம் என்று கணக்கு சொல்கிறது. (இந்த இடைவெளி வழக்கமாக 30 விழுக்காடோ அதற்கு மேலோ இருக்கும் என்றார் லூயிஸ். இங்கே 25 என்று எடுப்பது எண்கள் முழுதாக வருவதற்காக.)

இறுதிநிலை உற்பத்திகளைச் சமன்படுத்துவது

சந்தைப் பொருளாதாரப் பாடத்தில் ஊறியவர்களின் கை முதலில் இங்கேதான் போகும். உழைப்பு இரண்டு துறைகளுக்கு இடையில் நகரும் என்றால், இரண்டிலும் இறுதிநிலை உற்பத்தி சமமாகும் இடத்தில் நிற்க வேண்டும் என்று எழுதிவிடுகிறார்கள். செய்து பாருங்கள். நிலத்தில் இறுதிநிலை உற்பத்தி 8 − 0.1A. A-க்கு 100 − M என்று போட்டு 10 − 0.5M-உடன் சமன்படுத்தினால் M = 20. கூலி? 10 − 0.5 × 20, அதாவது பூஜ்யம். சம்பளமே இல்லாமல் 20 பேர் ஆலைக்கு வருவதாக விடை சொல்கிறது. கூலி பூஜ்யமாகவோ, கிராமத்தில் ஒருவர் சாப்பிடுவதைவிடக் குறைவாகவோ வந்தால், முறை தவறு என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

கிராமத்தில் யாரும் தன் இறுதிநிலை உற்பத்தியைக் கூலியாகப் பெறுவதில்லை. ஒரு குடும்பத்தின் நிலத்தில் ஐந்து பேர் வேலை செய்தால் விளைந்ததை ஐந்து பேரும் பகிர்ந்து உண்கிறார்கள். ஐந்தாவது ஆளின் உழைப்பு எதையும் கூட்டவில்லை என்பதற்காக அவரைப் பட்டினி போடுவதில்லை. எனவே கிராமத்து வருமானம் என்பது சராசரி உற்பத்தி: 320 ÷ 100 = 3.2 மூட்டை. அவர் ஊரை விட்டுக் கிளம்ப வேண்டுமானால் இதைவிடக் கூடுதலாகக் கிடைக்க வேண்டும். 25 விழுக்காடு கூட்டினால் ஆலைக் கூலி 4.

இனி ஆலை முதலாளியின் பக்கம் பாருங்கள். அவர் மட்டுமே இறுதிநிலைக் கணக்குப் பார்க்கிறவர். 10 − 0.5M = 4, ஆகவே M = 12. உற்பத்தி 84, கூலிக்குப் போவது 48, லாபம் 36. இதுதான் சரியான முதல் விடை.

இதை ஒட்டி இன்னொரு சறுக்கல் உண்டு. 20 பேர் உபரி, 12 பேர் ஆலைக்குப் போனார்கள், எனவே 8 பேர் வேலையில்லாதவர்கள் என்று சிலர் முடிக்கிறார்கள். அந்த 8 பேரும் வயலில்தான் இருக்கிறார்கள், வேலையும் செய்கிறார்கள். 88 பேர் 80 பேரின் வேலையைப் பங்கிட்டுச் செய்கிறார்கள். நகரத்தில் வேலை தேடி அலைகிறவர்களைக் கணக்கில் கொண்டுவருவது 1970-இல் வந்த ஹாரிஸ்–டொடாரோ மாதிரி, அது வேறு. பூஜ்ய இறுதிநிலை உற்பத்தி என்றால் அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கிறார்கள் என்ற பொருளும் இல்லை. அமர்த்தியா சென் 1966-இல் இதைத் தெளிவாக்கினார்: ஓர் ஆள் போய்விட்டால் மற்றவர்கள் கூடுதல் மணி நேரம் உழைத்து அந்த இடத்தை நிரப்பலாம். ஒரு மணி நேர உழைப்பின் விளைவு பூஜ்யமாக இல்லாமலே ஓர் ஆளின் விளைவு பூஜ்யமாக இருக்க முடியும்.

போனவரின் சாப்பாடு யாருக்கு?

இந்தக் கணக்கிலேயே மிகவும் நுட்பமான இடம் இதுதான். கேள்வித்தாளில் பெரும்பாலும் ஒரே ஒரு சொற்றொடர் இதைத் தீர்மானிக்கும், அதைத்தான் அவசரத்தில் தாண்டிப் போகிறார்கள்.

12 பேர் போன பிறகும் விளைச்சல் 320 தான். மீதி 88 பேர். சராசரியை மறுபடி கணக்கிட்டால் 3.64 மூட்டை வருகிறது. அப்படியென்றால் கிராமத்து வருமானம் ஏறிவிட்டதே, ஆலைக் கூலியும் ஏற வேண்டாமா? விடை, போனவர்கள் விட்டுச் சென்ற தானியம் யார் கைக்குப் போகிறது என்பதைப் பொறுத்தது.

குத்தகை வாரமாகவோ வரியாகவோ அது கிராமத்தை விட்டு வெளியேறிச் சந்தைக்கு வந்தால், நிலத்தில் இருப்பவருக்குப் பழைய 3.2 தான். 12 × 3.2 = 38.4 மூட்டை நகரத்துக்கு வந்து, அங்கே போனவர்களுக்கே சோறாகிறது. கூலி 4-இல் நிற்கிறது. எத்தனை பேர் ஆலைக்குப் போனாலும் கூலி மாறாது என்று காட்டும், மாதிரியின் புகழ்பெற்ற கிடைக்கோடு இந்த அனுமானத்தின் மேல்தான் நிற்கிறது.

அந்தத் தானியத்தை ஊரில் இருப்பவர்களே உண்டுவிட்டால் கோடு கிடையாக இராது, தொடக்கத்திலிருந்தே ஏறும். அப்போது தீர்க்க வேண்டிய சமன்பாடு வேறு:

```
1.25 × 320 / (100 − M) = 10 − 0.5M
```

இதைத் தீர்த்தால் M ஏறக்குறைய 11, கூலி ஏறக்குறைய 4.5. லாபம் 36-இலிருந்து சுமார் 30-க்கு இறங்குகிறது. ஒரே ஓர் ஆள்தான் வித்தியாசம் என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது. அடுத்த ஆண்டு இயந்திரம் வாங்கப் போகிற பணம் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. சராசரி உயர்வதே தொழில் வளர்ச்சிக்கு முட்டுக்கட்டையாகலாம் என்பதை லூயிஸும் தம் கட்டுரையில் எழுதியிருக்கிறார்.

எனவே கேள்வியில் 'கூலி தொடக்கச் சராசரியில் நிலைத்திருக்கிறது' என்று இருந்தால் 3.2-ஐத் தொடாதீர்கள். 'விளைச்சலை நிலத்தில் இருப்போர் சமமாகப் பகிர்கிறார்கள்' என்று இருந்தால் ஒவ்வொரு படியிலும் சராசரியை மறுபடி கணக்கிடுங்கள். ஒரு படியில் ஒன்றையும் அடுத்த படியில் மற்றொன்றையும் பயன்படுத்தினால் விடை எந்த மாதிரிக்கும் சொந்தமில்லாமல் போகும்.

திருப்புமுனை ஒன்றல்ல

கிடைக்கோட்டுக்கே திரும்புவோம். லாபம் மறுமுதலீடாகி, ஆலையின் இறுதிநிலை உற்பத்திக் கோடு 14 − 0.5M என்று நகர்கிறது. கூலி 4 என்றால் M = 20, லாபம் 100. உபரி முழுதும் வெளியேறிவிட்டது. 'இனி கிராமத்தில் கூலி ஏறும்' என்று இங்கே எழுதுவது பரவலான தவறு.

அடுத்த முதலீட்டில் கோடு 18 − 0.5M ஆகிறது. கூலி 4-லேயே இருந்தால் M = 28, நிலத்தில் 72 பேர். அவர்களின் இறுதிநிலை உற்பத்தி 8 − 7.2 = 0.8. இது பூஜ்யத்தைவிட அதிகம், ஆனால் 3.2-ஐவிட மிகக் குறைவு. ஆளை இழக்கப் பயந்து யாரும் அவர்களுக்கு 3.2-க்கு மேல் தர வேண்டியதில்லை. இறுதிநிலை உற்பத்தி 3.2-ஐத் தொடுவது A = 48 ஆகும்போது, அதாவது 52 பேர் வெளியேறிய பிறகு. அந்தப் புள்ளிக்கு அப்பால்தான் வேளாண் கூலி இறுதிநிலை உற்பத்தியைப் பின்தொடரும். 60 பேர் வெளியேறியிருந்தால் நிலத்தில் கூலி 8 − 0.1 × 40 = 4, ஆலையில் 5. தொடக்கத்தில் தவறாக இருந்த சமன்படுத்தல் இங்கே, 25 விழுக்காட்டு இடைவெளியோடு, சரியான முறையாகிறது.

அப்படியானால் 20-க்கும் 52-க்கும் இடையில் ஒன்றுமே மாறுவதில்லையா? மாறுகிறது. விளைச்சல் குறைகிறது. 72 பேர் இருந்தால் 316.8 மூட்டை. அவர்கள் 230.4 உண்டால் சந்தைக்கு வருவது 86.4. ஆலையில் உள்ள 28 பேருக்கு ஆளுக்கு 3.2 வீதம் 89.6 வேண்டும். 3.2 மூட்டை பற்றாக்குறை, சரியாக ஒருவரின் ஆண்டுச் சாப்பாடு. தானிய விலை ஏறும், ஆலைப் பொருளுக்கு மாற்றாக எவ்வளவு தானியம் கிடைக்கும் என்கிற வாணிப வீதம் ஆலைக்கு எதிராகத் திரும்பும். கூலியை மூட்டையில் அளந்தால் கோடு இன்னும் கிடையாகவே தெரியும். ஆலைப் பொருளில் அளந்தால் ஏறத் தொடங்கிவிட்டது. எடுத்துக்காட்டாக, தானிய விலை 10 விழுக்காடு ஏறி, ஆலைக் கூலியும் அதற்கேற்ப 4.4 ஆனால், M 28 அல்ல, 27.2. ரானிஸும் ஃபெயும் 1961-இல் இந்த இரண்டு புள்ளிகளையும் தனித்தனியே பிரித்துக் காட்டினார்கள். விடையில் எந்தப் புள்ளி, எந்த அலகில் கூலி என்று எழுதாமல் 'திருப்புமுனை' என்று மட்டும் எழுதினால் பாதி விடைதான்.

உண்மை உலகிலும் இந்தக் குழப்பம் வந்தது. 2004 வாக்கில் சீனாவின் குவாங்டாங் ஆலைகள் ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லத் தொடங்கின. லூயிஸ் திருப்புமுனை வந்துவிட்டது என்று சாய் ஃபாங் வாதிட்டார். கிராமங்களில் இன்னும் ஏராளமானோர் இருக்கிறார்கள், குடும்பப் பதிவு முறையான ஹுகோ அவர்களைத் தடுக்கிறது என்று மற்றவர்கள் மறுத்தார்கள். கூலி ஏறுவதை மட்டும் பார்த்து உபரி தீர்ந்தது என்று சொல்ல முடியாது என்பதற்கு அந்த விவாதமே போதிய சான்று.

கோடு எப்படி நகர்கிறது என்று பாராமல் விடுவது

லாபம் மறுமுதலீடானால் வேலைவாய்ப்பு கட்டாயம் பெருகும் என்று எழுதுகிறோம். மேலே பெருகியது, கோடு சாய்வு மாறாமல் இணையாக நகர்ந்ததால். முதலாளி ஆளைக் குறைக்கும் இயந்திரம் வாங்கி, கோடு 16 − M என்று முன்பைவிடச் சரிவு கூடியதாக மாறினால்? 16 − M = 4, ஆகவே M = 12. உற்பத்தி 84-இலிருந்து 120-க்கு ஏறுகிறது. கூலிச் செலவு அதே 48. லாபம் 36-இலிருந்து 72-ஆக இரட்டிக்கிறது. கிராமத்திலிருந்து ஒருவர்கூடக் கூடுதலாக வரவில்லை.