மூட்டு மாற்று அறுவை சிகிச்சை: கையிலிருந்து எவ்வளவு போகும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுவது எப்படி?

முழங்கால் மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் எல்லோரும் முதலில் கேட்பது "மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்றுதான். காப்பீடு வைத்திருப்பவர் கேட்க வேண்டியது வேறு: "அதில் என் கையிலிருந்து எவ்வளவு?" இந்த இரண்டு தொகையும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதில்லை. பில் கொஞ்சம் ஏறினாலே கைச்செலவு பல மடங்கு ஏறும் இடம் ஒன்று இருக்கிறது. பலரும் உள்ளே பொருத்தும் செயற்கை மூட்டான இம்பிளான்ட்டின் விலையைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். என்னைக் கேட்டால், கைச்செலவை அதிகம் தீர்மானிப்பது அறைதான். ஏன் என்று கணக்கோடு பார்ப்போம்.

ஒரு தாளும் பேனாவும் போதும். இங்கே போடும் கணக்கில் உள்ள தொகைகள் உதாரணத்துக்கானவை. உங்கள் மருத்துவமனை கொடுக்கும் தொகைகளை அதே இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: மதிப்பீட்டுத் தாளைப் பிரித்து வாங்குங்கள்

"ஒரு முட்டிக்கு இவ்வளவு பேக்கேஜ்" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. பில்லிங் பிரிவில் ஐந்து தலைப்பாகப் பிரித்துக் கேளுங்கள்: அறை வாடகை; டாக்டர், மயக்க மருந்து நிபுணர், அறுவை அரங்கம், நர்சிங் கட்டணங்கள்; இம்பிளான்ட்; மருந்தும் மற்ற பொருட்களும்; பரிசோதனைகள். பேக்கேஜ் என்றால் இம்பிளான்ட் அதற்குள்ளா வெளியிலா, எத்தனை நாள் தங்கலாம், நாள் கூடினால் என்ன ஆகும் என்றும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஒரு முட்டிக்குப் பொதுவாக மூன்று முதல் ஐந்து நாள் தங்க வேண்டியிருக்கும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஒன்றிரண்டு நாள் கூடலாம், பொது மருத்துவரின் கட்டணமும் சேரும்.

படி 2: பாலிசியில் நான்கு இடங்களைத் தேடுங்கள்

முதலில் காத்திருப்புக் காலம். தேய்மானத்தால் வரும் மூட்டு மாற்றுக்குப் பல பாலிசிகளில் முதல் சில ஆண்டுகள் பணம் கிடைக்காது. சமீபத்தில் காப்பீட்டுத் தொகையைக் கூட்டியிருந்தால், கூட்டிய பகுதிக்குக் காத்திருப்பு புதிதாகத் தொடங்கும். இங்கே இடித்தால் மீதிக் கணக்குக்கே வேலையில்லை.

அடுத்து அறை வாடகை உச்சவரம்பு. காப்பீட்டுத் தொகையில் ஒரு நாளைக்கு இத்தனை சதவீதம் என்றோ, "தனி அறை வரை" என்றோ இருக்கும். மூன்றாவது, மூட்டு மாற்றுக்கென்று தனி உச்சவரம்பு உண்டா, உண்டென்றால் ஒரு முட்டிக்கா இரண்டுக்கும் சேர்த்தா என்பது. கடைசியாக இணைக் கட்டணம், அதாவது கோ-பே. ஒப்புக்கொண்ட தொகையில் 10 சதவீதமோ 20 சதவீதமோ உங்கள் பங்கு என்று எழுதியிருக்கும். மூத்த குடிமக்கள் பாலிசிகளில் இது சகஜம்.

படி 3: அறையை வைத்துக் கணக்குப் போடுங்கள்

இந்தப் படியில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். "வாடகை வரம்பு 4,000, நான் 8,000 அறை எடுக்கிறேன், நாளைக்கு 4,000 நான் கட்டினால் போச்சு" என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. வரம்பைத் தாண்டிய அறை எடுத்தால், அறையைப் பொறுத்து விலை மாறும் மற்ற கட்டணங்களும் அதே விகிதத்தில் வெட்டப்படும். டாக்டர் கட்டணம், அரங்கக் கட்டணம், நர்சிங் எல்லாம் இதில் அடங்கும். இதற்கு விகிதாசாரக் கழிவு என்று பெயர்.

நல்ல வேளையாக, எல்லாவற்றையும் வெட்ட முடியாது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2020-ல் கொண்டுவந்த விதிகளின்படி மருந்துகள், மற்ற நுகர்பொருட்கள், இம்பிளான்ட், பரிசோதனைகள் ஆகியவற்றில் இந்த வெட்டு கூடாது. அறைக்கு அறை கட்டணம் மாறாத மருத்துவமனையிலும் கூடாது. அதனால்தான் படி 1-ல் பிரித்து வாங்கச் சொன்னேன்.

காப்பீடு 4 லட்சம், அறை வரம்பு நாளைக்கு 4,000, கோ-பே 10 சதவீதம், தங்குவது 4 நாள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே மருத்துவமனையில் இரண்டு அறைகளுக்கும் கணக்கு இப்படி வரும்:

| தலைப்பு | இருவர் அறை | தனி அறை |
|---|---|---|
| அறை (4,000 / 8,000) | 16,000 | 32,000 |
| டாக்டர், அரங்கம், நர்சிங் | 1,12,000 | 1,40,000 |
| இம்பிளான்ட் | 60,000 | 60,000 |
| மருந்து, பொருட்கள் | 40,000 | 40,000 |
| பரிசோதனை | 12,000 | 12,000 |
| காப்பீடு தராத பொருட்கள் | 9,000 | 9,000 |
| மொத்த பில் | 2,49,000 | 2,93,000 |

இருவர் அறையில் கடைசி 9,000 தவிர மீதி 2,40,000 ஒப்புக்கொள்ளப்படும். தனி அறையில் வரம்பு வாடகையில் பாதி என்பதால் விகிதமும் பாதி. அறைக்கு 16,000, டாக்டர் வகைக்கு 1,40,000-ல் பாதியாக 70,000, அப்புறம் இம்பிளான்ட், மருந்து, பரிசோதனை மூன்றும் முழுதாக 1,12,000. ஆக 1,98,000.

இப்போது கழித்துப் பாருங்கள். கோ-பேக்கு முன்னால் இருவர் அறையில் கைச்செலவு 9,000, தனி அறையில் 95,000. பில்லில் வித்தியாசம் 44,000தான். கையில் வித்தியாசம் 86,000! கோ-பேயும் சேர்த்தால் முதலாவது 33,000, இரண்டாவது 1,14,800.

அந்த 9,000 என்ன என்று கேட்பீர்கள். கையுறை, முட்டிக்குப் போடும் பிரேஸ், வாக்கர் மாதிரியான பொருட்கள். காப்பீட்டு நிறுவனங்கள் கொடுக்காமல் விடக்கூடிய பொருட்களின் பட்டியலில் பிரேஸும் நடைக் கருவிகளும் இருக்கின்றன. இவற்றுக்கும் பணம் தரும் கூடுதல் இணைப்பு உங்கள் பாலிசியில் இருந்தால் அந்த வரியை அடித்துவிடலாம்.

படி 4: இம்பிளான்ட் தரத்தை இப்போது பாருங்கள்

சாதாரணமாகப் போடுவது கோபால்ட்-குரோமியம் இம்பிளான்ட். இதற்கு மேல் டைட்டானியம், ஆக்சிடைஸ்டு சிர்கோனியம் போன்ற உலோக வகைகளும், தங்க நிறப் பூச்சு உள்ளவையும் உண்டு. மத்திய அரசின் மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 ஆகஸ்டில் முழங்கால் இம்பிளான்ட்களுக்கு உச்ச விலை வைத்தது. அப்போது வரி நீங்கலாக கோபால்ட்-குரோமியத்துக்கு 54,720 ரூபாய், டைட்டானியம் போன்ற சிறப்பு உலோகத்துக்கு 76,600 ரூபாய். பிறகு உச்ச விலை திருத்தப்பட வாய்ப்புண்டு என்பதால் இப்போதைய விலையை ஆணையத்தின் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த விலை ஒரே பொருளுக்கானது அல்ல. தொடை எலும்புப் பகுதி, கால் எலும்புத் தட்டு, நடுவில் பாலிஎதிலீன் துண்டு, முட்டிச் சில்லுக்கான மூடி என்று நான்கு பாகங்களின் கூட்டு. 54,720-ல் சில்லு மூடி மட்டும் 4,090. நிறைய அறுவை நிபுணர்கள் சொந்தச் சில்லையே விட்டுவிடுவார்கள். அப்படி என்றால் அந்த வரி பில்லில் வரக்கூடாது. எலும்பு சிமென்ட் இம்பிளான்ட் விலையில் சேராது, தனியாக வரும்.

உயர்ந்த ரகம் எடுக்கலாமா? நிக்கல் போன்ற உலோகங்களுக்குக் கடுமையான ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அதில் அர்த்தம் இருக்கிறது. மற்றவர்கள் "இது இன்னும் பத்து வருஷம் கூட உழைக்கும்" என்ற பேச்சை மட்டும் நம்பிக் காசைக் கொட்ட வேண்டாம் என்பது என் கருத்து. மூட்டின் ஆயுள் உலோகத்தைப் போலவே பொருத்திய கோணத்தையும், தொற்று வராமல் இருப்பதையும், உடல் எடையையும் பொறுத்தது.

கணக்கில் இது எப்படி வரும்? தனி உச்சவரம்பு இல்லாத பாலிசியில் 30,000 கூடுதல் விலையுள்ள ரகம் எடுத்தால், நிறுவனம் ஒப்புக்கொண்டால், கோ-பேயாக 3,000தான் கையிலிருந்து போகும். ஆனால் மூட்டு மாற்றுக்கு 1,80,000 என்று உச்சவரம்பு இருந்தால், நம் உதாரணத்தில் இருவர் அறையிலேயே வரம்பு தாண்டிவிட்டது. அதற்கு மேல் கூடும் ஒவ்வொரு ரூபாயும் முழுக்க உங்களுடையது. ரகத்தைப் பற்றிப் பேசும் முன் படி 2-ஐ முடிக்க வேண்டியது இதனால்தான்.

ரோபோ உதவியுடன் செய்வதாகச் சொன்னால் அதன் கட்டணம் தனியாகவா, காப்பீடு அதற்கு வரம்பு வைத்திருக்கிறதா என்று இரண்டு கேள்வி போதும்.

படி 5: வீட்டுக்கு வந்த பிறகு ஆகும் செலவு

மருத்துவமனை பில்லோடு கணக்கை மூடுபவர்கள் பிசியோதெரபியை மறந்துவிடுவார்கள். முதல் மூன்று வாரம் வாரத்துக்கு ஐந்து முறை, அடுத்த ஐந்து வாரம் மூன்று முறை என்றால் 30 அமர்வுகள். வீட்டுக்கு வந்து செய்ய ஒரு முறைக்கு 600 என்றால் 18,000. தையல் பிரிப்பு, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து, எக்ஸ்ரே, மறுபரிசோதனை எல்லாம் சேர்த்து 6,000 வைப்போம்.

பல பாலிசிகள் வீடு திரும்பிய பின் 60 நாள் வரையான சிகிச்சைச் செலவை ஏற்கும். நம் எட்டு வாரம் என்பது 56 நாள், உள்ளே அடங்கிவிடும். ஆனால் டாக்டர் டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் பிசியோதெரபியை எழுதியிருக்க வேண்டும், ஒவ்வொரு அமர்வுக்கும் முறையான ரசீது வேண்டும். வீட்டில் செய்வதை ஏற்காத பாலிசியும் இருக்கிறது. எழுத்தில் பதில் வரும் வரை 24,000-ஐயும் உங்கள் பக்கமே வையுங்கள்.

செலவைக் குறைக்கிறேன் என்று இதை மட்டும் வெட்டாதீர்கள். ஆறு வாரம் ஆகியும் முட்டி 90 டிகிரி மடங்கவில்லை என்றால் டாக்டரிடம் உடனே காட்டுங்கள். இறுகிய மூட்டை மயக்கத்தில் வைத்து மடக்கிவிட வேண்டி வரலாம். அதற்கு மறுபடி மருத்துவமனையில் சேர வேண்டும், இன்னொரு பில்.

படி 6: கூட்டுங்கள்

தனி உச்சவரம்பு இல்லாத நம் உதாரணத்தில் இருவர் அறைக்கு 33,000 + 24,000 = 57,000. தனி அறைக்கு 1,14,800 + 24,000 = 1,38,800. இதன் மேல் மொத்த பில்லில் 10 சதவீதத்தை எதிர்பாராத செலவுக்கு ஒதுக்கி வையுங்கள்.

இந்தத் தாளோடு காப்பீட்டு நிறுவனத்துக்கோ, அதன் சார்பில் கோரிக்கைகளைக் கையாளும் டிபிஏவுக்கோ மின்னஞ்சல் அனுப்பி, அறை வகை, விகிதாசாரக் கழிவு, மூட்டுக்கான வரம்பு மூன்றையும் உறுதி செய்யுங்கள். தொலைபேசியில் சொன்னது பிறகு உதவாது. கேஷ்லெஸ்ஸுக்கு முதலில் வரும் ஒப்புதல் தொகையும் இறுதியானது அல்ல. டிஸ்சார்ஜ் அன்று இறுதி பில்லைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

அன்றைக்கு இம்பிளான்ட் ஸ்டிக்கர்களைக் கேட்டு வாங்குங்கள். பாகத்தின் பெயர், தயாரிப்பாளர், தொகுதி எண் எல்லாம் அதில் இருக்கும். பில்லில் உள்ள இம்பிளான்ட் வரிகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். சில்லு மூடிக்குப் பணம் போட்டிருந்து அதற்கான ஸ்டிக்கர் இல்லையென்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.