கூட்டத்தில் பேச இடம் கேட்பது எப்படி: தலைப்பும் ஒரு வட்ஸ்அப் செய்தியும்

தனியாகத் தொழில் செய்கிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "மீட்டப்பிலயோ வெபினாரிலயோ கதைச்சா ஆக்கள் எங்களை விஷயம் தெரிஞ்ச ஆளாப் பாப்பினம் எண்டு சொல்லுறீங்கள். ஆனா ஆரிட்டக் கேக்கிறது, என்னெண்டு கேக்கிறது?" மேடைப் பயம், சிலைட் அழகு எல்லாவற்றுக்கும் யூடியூப்பில் வேண்டிய அளவு இருக்கிறது. அந்த மேடை கிடைப்பதற்கு முன்னால் உள்ள வேலையை மட்டும் இங்கே எழுதுகிறேன். உதாரணமும் நான் செய்யும் வேலையிலிருந்தே: கடைகளையும் கெஸ்ட் ஹவுஸ்களையும் கூகுள் மேப்பில் பதிந்து கொடுப்பது.

1. யார் உட்கார்ந்திருக்கும் கூட்டம்?

வெப்சைட் செய்கிறவர், வெப்சைட் செய்கிறவர்களின் கூட்டத்தில் பேசினால் நல்ல நண்பர்கள் கிடைப்பார்கள். வேலை கிடைப்பது அரிது. யாழ் ஐடி ஹப் போன்ற அமைப்புகளைச் சுற்றி இங்கே யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்ப ஆட்கள் கூடுகிறார்கள். பழகுவதற்கு அது சரியான இடம். உங்களுக்குப் போன் எடுக்கப் போகிறவர்களோ வேறு இடங்களில் இருக்கிறார்கள்: வணிகர் கழகக் கூட்டம், விடுதி நடத்துவோரின் சந்திப்பு, பழைய மாணவர் சங்கம், ரோட்டரி, லயன்ஸ். இவை ஒழுங்காகக் கூடுகிறவை. அதனால் அடுத்த கூட்டத்துக்குப் பேச ஆள் தேடும் செயலாளர் ஒருவர் எப்போதும் இருப்பார். உங்கள் செய்தி போக வேண்டியது அவருக்குத்தான், தலைவருக்கு அல்ல.

2. தலைப்பை இறுக்குவது

"டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஓர் அறிமுகம்" என்று கேட்டால் செயலாளருக்கு உங்களையும் இன்னொருவரையும் பிரித்துப் பார்க்க வழியில்லை. நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான்: முதல் நாள் இரவு கூகுளில் வாசித்துவிட்டு வந்து வேறொருவர் இதைப் பேசிவிடலாமா? பேசலாம் என்றால் தலைப்பு இன்னும் அகலம்.

என் உதாரணத்தில் இறுக்கிப் பார்ப்போம். டிஜிட்டல் மார்க்கெட்டிங்கிலிருந்து கூகுள் மேப்புக்கு வரலாம். அங்கிருந்து கெஸ்ட் ஹவுஸ்களுக்கு. இன்னும் கீழே போக வேண்டும் என்றால், வாடிக்கையாளர்கள் போனில் திரும்பத் திரும்பக் கேட்பது எது என்று பாருங்கள். எனக்கு வருவது இரண்டு. "ஓட்டோக்காரன் அடுத்த ஒழுங்கையில கொண்டுபோய் இறக்கிறான்" என்பது ஒன்று; மேப்பில் இடத்தைக் காட்டும் பின் தவறான இடத்தில் நிற்பதால் வருவது. "கூகுள் வீடியோ கேக்குது, அனுப்பினா ஏலாது எண்டு சொல்லுது" என்பது மற்றது.

இரண்டாவதற்குள் நல்ல சரக்கு இருக்கிறது. தொழில் உண்மையானதுதானா என்று வெரிஃபிகேஷனுக்காக கூகுள் கேட்கும் அந்த வீடியோவை முன்கூட்டி எடுத்து வைத்து ஏற்ற முடியாது. பதிவு செய்யும்போதே போனில் எடுக்க வேண்டும். வெட்டாமல் ஒரே ஓட்டமாக இருக்க வேண்டும். மூன்று விஷயம் தெரிய வேண்டும்: இடம் எங்கே இருக்கிறது, அங்கே அந்தத் தொழில் நடக்கிறதா, எடுக்கிறவர் அதை நடத்துகிறவர்தானா. கொழும்பில் வீதிப் பெயர்ப்பலகையைக் காட்டினால் முதலாவது முடிந்தது. இங்கே பல ஒழுங்கைகளுக்குப் பலகையே கிடையாது. அதனால் சந்தியில் உள்ள கடையின் போர்ட்டிலிருந்து தொடங்கி, நடந்து வந்து, உங்கள் படலையில் உள்ள பெயர்ப்பலகையைக் காட்டி, திறப்பால் கதவைத் திறந்து, உள்ளே வரவேற்பு மேசை வரை நிறுத்தாமல் எடுக்க வேண்டும். திறப்பு உங்கள் கையில் இருப்பதே மூன்றாவதற்கு நல்ல சான்று. இதைச் செய்து பார்க்காதவர் சந்திக் கடையைப் பற்றிச் சொல்ல மாட்டார்.

ஆகவே தலைப்பு: "உங்கள் கெஸ்ட் ஹவுஸ் கூகுள் மேப்பில் அடுத்த ஒழுங்கையில் நிற்கிறதா? பின்னைத் திருத்தி, வீடியோ வெரிஃபிகேஷன் முடிக்கும் வழி." நீளம்தான். ஆனால் போஸ்டரில் இதைப் பார்க்கிற கெஸ்ட் ஹவுஸ்காரர் போனை எடுத்துத் தன் பின்னைச் சரிபார்ப்பார். "வெற்றியின் ரகசியங்கள்" வகைத் தலைப்புகள் எனக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது.

3. செய்தி எழுதுவது

ஏற்பாட்டாளருக்கு மூன்று பயம். ஆட்கள் வருவார்களா, இவன் வந்து தன் வியாபாரத்தைப் பேசிவிடுவானா, சொன்ன நாளில் வருவானா. உங்கள் செய்தி இந்த மூன்றுக்கும் பதில் சொன்னால் போதும். படிப்பு, சான்றிதழ், விருது எதுவும் இந்த மூன்றில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்று: அவர் தனியாக முடிவு எடுப்பதில்லை. உங்கள் செய்தியைச் செயற்குழுவின் வட்ஸ்அப் குழுவுக்கு அப்படியே ஃபோர்வேர்ட் பண்ணுவார். அதனால் வொய்ஸ் மெசேஜ் வேண்டாம், பிடிஎஃப் இணைப்பும் வேண்டாம். யாரும் திறப்பதில்லை. நீங்கள் யார் என்று தெரியாத மூன்றாவது ஆள் வாசித்தாலும் விளங்குகிற மாதிரி ஒரே எழுத்துச் செய்தி:

> வணக்கம் அண்ணா. திருநெல்வேலியிலிருந்து எழுதுகிறேன். கடைகள், கெஸ்ட் ஹவுஸ்களை கூகுள் மேப்பில் பதிந்து கொடுக்கும் வேலை செய்கிறேன்.
>
> உங்கள் மாதக் கூட்டத்தில் 30 நிமிடம் பேச விரும்புகிறேன். தலைப்பு: "உங்கள் கெஸ்ட் ஹவுஸ் கூகுள் மேப்பில் அடுத்த ஒழுங்கையில் நிற்கிறதா?"
>
> கேட்பவர்கள் அன்றே தங்கள் போனில் பின்னைத் திருத்தலாம். கூகுள் கேட்கும் வீடியோவை எப்படி எடுப்பது என்றும் தெரிந்துகொண்டு போவார்கள். கடைக்காரர்களுக்கும் இது பொருந்தும்.
>
> விலை, விளம்பரம் எதுவும் பேச மாட்டேன். கட்டணமும் இல்லை. புரொஜெக்டர் இருந்தால் போதும். லப்டொப், வயர் எல்லாம் நான் கொண்டுவருவேன்.
>
> அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஏற்கனவே ஆள் இருக்கிறாரா?

கடைசிக் கேள்விதான் நான் மிகவும் மெனக்கெட்ட இடம். "வாய்ப்புத் தருவீர்களா?" என்று முடித்தால் நம்மூரில் வரும் பதில் "பாப்பம் தம்பி." அதற்கு ஓம் என்றும் பொருள் இல்லை, இல்லை என்றும் இல்லை. அதற்குப் பிறகு திரும்பக் கேட்டால் நச்சரிப்பு, கேட்காவிட்டால் மறந்துபோகும். "ஏற்கனவே ஆள் இருக்கிறாரா?" என்பதற்கு "பாப்பம்" என்று சொல்ல முடியாது. இருக்கிறார் என்றால் "அப்ப அதுக்கடுத்த மாசம்?" என்று தானாகவே தொடரும். இல்லை என்றால் அவருடைய தலையிடியை நீங்கள் தீர்த்துவிட்டீர்கள். ஒரு கிழமை பதில் இல்லையென்றால் ஒருமுறை போன் எடுங்கள், பின்னேரத்தில். எழுத்தில் இரண்டாவது நினைவூட்டல் அனுப்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

முன்பு பேசிய வீடியோ இருக்கிறதா என்று கேட்டால் பயப்பட வேண்டாம். போனை மேசையில் சாய்த்து வைத்து, பேச்சின் ஒரு பகுதியை இரண்டு நிமிடம் பேசி அனுப்பினால் போதும். தமிழில் தெளிவாகக் கதைப்பீர்களா என்று மட்டுமே பார்க்கிறார்கள்.

4. நாள்

கெஸ்ட் ஹவுஸ் தலைப்பு என்றால் நல்லூர்க் கொடியேற்றத்துக்கு இரண்டு மாதமளவில் முன்னால் கேளுங்கள். அந்த 25 நாளும் அவர்களுக்கு அறை நிரம்பி வழியும் காலம். கூட்டத்துக்கு வர நேரம் இராது. முன்னாலேயே பேசினால், வெரிஃபிகேஷன் ஒருமுறை தட்டிப்போனாலும் திருவிழாவுக்குள் சரிசெய்ய அவகாசம் இருக்கும். இந்தக் காரணத்தையும் செய்தியில் ஒரு வரி சேர்த்தால் ஏற்பாட்டாளருக்கே அவசரம் வந்துவிடும்.

5. பேசும் அன்று

மண்டபத்து இணையத்தை நம்பி நேரடியாகச் செய்து காட்ட வேண்டாம். போன் திரையை முன்கூட்டிப் பதிவு செய்து, வீடியோவாக லப்டொப்பில் வைத்திருங்கள். பழைய புரொஜெக்டர்களில் விஜிஏ மட்டும் இருக்கலாம். லப்டொப்பின் எச்டிஎம்ஐயை விஜிஏவாக மாற்றும் மாற்றி ஒன்றைச் சொந்தமாக வாங்கி வையுங்கள்.

நிபுணர் என்ற பெயர் வருவது பெரும்பாலும் கேள்வி நேரத்தில்தான். இந்தத் தலைப்புக்கு நிச்சயம் வரும் கேள்வி: "பெயருக்குப் பின்னால 'யாழ்ப்பாணத்தின் சிறந்த மலிவான கெஸ்ட் ஹவுஸ்' எண்டு போட்டா மேல வருமே?" போடக்கூடாது. பெயர்ப்பலகையில் என்ன பெயரோ அதுதான் அங்கேயும் இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. மீறினால் பதிவே முடக்கப்படலாம். இப்படி வரக்கூடிய நாலைந்து கேள்விகளை எழுதி, ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு ஸ்கிரீன்ஷொட் தயாராக வையுங்கள். யாராவது விலை கேட்டால் "கூட்டம் முடியக் கதைப்பம் அண்ணை" என்று நிறுத்திவிடுங்கள். செய்தியில் கொடுத்த வாக்கை ஏற்பாட்டாளர் கவனித்துக்கொண்டிருப்பார்.

முடிந்ததும் அன்றிரவே, வீடியோ எடுக்கும் வரிசையை ஒரு பக்கத்தில் படமாகச் செய்து, அடியில் உங்கள் பெயரும் இலக்கமும் போட்டு ஏற்பாட்டாளருக்கு அனுப்புங்கள். அவர் குழுவில் போடுவார். எனக்கு வந்த அழைப்புகளில் கூடுதலானவை, கூட்டத்துக்கே வராமல் அந்தப் படத்தை மட்டும் பார்த்தவர்களிடமிருந்து.

பின்சேர்க்கை

வெபினார் என்றால் என்ன மாறும் என்று சிலர் கேட்டிருந்தார்கள். முதலாவது நேரம். கெஸ்ட் ஹவுஸ் இங்கே, சொந்தக்காரர் லண்டனிலோ ரொறன்ரோவிலோ என்பது சாதாரணம். ஞாயிறு இரவு 7.30க்கு வைத்தால் கோடையில் லண்டனில் பிற்பகல் 3, ரொறன்ரோவில் காலை 10. குளிர்காலத்தில் இரண்டுமே ஒரு மணித்தியாலம் முந்தும். இரண்டாவது, இலவச சூமில் 40 நிமிடத்தில் கூட்டம் அறுந்துவிடும், கேள்வி நேரம் சரியாக அங்கேதான் போகும். இலவச கூகுள் மீட் ஒரு மணித்தியாலம் தரும். நான் அதைத்தான் பாவிக்கிறேன். பதிவுப் படிவத்தில் பெயருக்குக் கீழே ஒரேயொரு கேள்வி சேருங்கள்: "உங்கள் பின் இப்போது எங்கே நிற்கிறது?" வருகிற பதில்களிலேயே உங்கள் பேச்சுக்கு உதாரணங்கள் கிடைத்துவிடும்.

இன்னொருவர், பேசுவதற்குத் தன்னிடமே "அனுசரணை" என்று காசு கேட்டதாக எழுதியிருந்தார். கொடுக்க வேண்டாம். காசு கொடுத்துப் பேசினால் போஸ்டரில் உங்கள் பெயர் விளம்பரதாரர் வரிசையில்தான் வரும். அதே செய்தியில் கழகத்தின் பெயரை மட்டும் மாற்றி அடுத்த செயலாளருக்கு அனுப்புங்கள்.