மாஸ்க்கை ஆளோடு ஒட்டி வரையாதீர்கள்
செங்கல் சுவர் முன் நிற்கும் ஒருவரைப் படத்திலிருந்து நீக்க வேண்டுமா? ஏஐ படக் கருவி எந்த இடத்தை அழித்துப் புதிதாக நிரப்ப வேண்டும் என்று தீட்டிக் காட்டுவதுதான் மாஸ்க். அது அவர் உடலைவிட 15, 20 பிக்சல் அகலமாக இருக்கட்டும். தரையில் விழுந்த நிழலையும் மூடிவிடுங்கள். நிழல் மட்டும் மிஞ்சினால் கருவி அங்கே இன்னோர் ஆளை வரைந்துவைக்கலாம்.

ஸ்டேபிள் டிஃப்யூஷன் வெப்யூஐயில் `Only masked` தேர்ந்தெடுத்தால், மாஸ்க்கைச் சுற்றி `Only masked padding` அளவுக்குத்தான் கருவிக்குப் படம் தெரியும். அதில் இயல்பாகவே இருக்கும் 32 பிக்சலுக்குள் ஒரு செங்கல்கூட முழுதாக அடங்காமல் போகலாம், அப்புறம் வரிசை எப்படிச் சேரும்? இரண்டு மூன்று செங்கல் தெரியும் அளவுக்கு, 100க்கு மேல் கூட்டுங்கள். ரொம்பவும் கூட்டினால் நிரப்பிய இடம் மங்கலாகும்.

நிரப்பிய இடத்தின் ஓரத்தில் கோடு தெரிந்தால், மாஸ்க்கின் விளிம்பை மென்மையாக்கும் `Mask blur` அளவை 4இலிருந்து 10 வரை ஏற்றலாம். ஆனால் அதற்கேற்ப மாஸ்க்கும் விரிய வேண்டும். இல்லையென்றால் பழைய சட்டை நிறம் ஓரத்தில் ஆவிபோல எட்டிப்பார்க்கும்.