காதில் விழுந்த பெயரை விரல் சரியாகத் தட்டுமா? இசைக்குழுவுக்கும் ஆல்பத்துக்கும் பெயர் வைக்கும் முறை

தூத்துக்குடியில் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து பாட்டுப் போட ஆரம்பித்தபோது, பாட்டுகளை ஸ்ட்ரீமிங் தளங்களில் ஏற்றும் வேலை என் தலையில் விழுந்தது. இரண்டு கிட்டார், ஒரு கஹோன், ஒரு பாடகி. உப்பளத்து வாழ்க்கையைப் பற்றி மெதுவாக நகரும் பாட்டுகள். குழுவுக்கு ‘அலை’ என்று பெயர் வைத்து, Alai என்று எழுதிக் கொடுத்து முதல் பாட்டை வெளியிட்டோம். வெளியான காலையில் தேடிப் பார்த்தால், எங்கள் பாட்டு வேறொருவரின் பக்கத்தில் இருந்தது. அதே நாலு எழுத்தில் பெயர் வைத்திருந்த, எங்களுக்கு முன்பின் தெரியாத ஒரு நடன இசைக்காரர் அவர். அங்கிருந்து பாட்டைப் பிரித்து எடுக்க மூன்று வாரம் ஆனது. அதற்குள் கேட்க வந்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள்.

அதன் பிறகு பெயரை முதலிலிருந்து யோசித்தோம். அந்த வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். புதிதாகத் தொடங்கும் குழுவுக்கு இது மிகப் பெரிய செலவை மிச்சப்படுத்தும்.

படி 1: பொருளுக்கு முன்னால் ஓசையைப் பாருங்கள்

பெயர் தேட உட்கார்ந்ததும் எல்லோரும் அர்த்தத்தைத்தான் தேடுவார்கள். கேட்பவருக்கு முதலில் போய்ச் சேர்வது ஓசை. இதற்குத் தமிழில் பழைய அளவுகோல் ஒன்று இருக்கிறது. தொல்காப்பியத்தின் செய்யுளியல் 20 வண்ணங்களைச் சொல்கிறது. அதில் வல்லெழுத்து மிகுந்தால் வல்லிசை வண்ணம், மெல்லெழுத்து மிகுந்தால் மெல்லிசை வண்ணம், இடையெழுத்து மிகுந்தால் இயைபு வண்ணம். செய்யுளுக்குச் சொன்னது பெயருக்கும் அப்படியே பொருந்துகிறது.

உங்கள் குழு ராப் பாடுகிறதா, பறையும் டிரம்ஸும் முன்னால் நிற்கிறதா? க, ச, ட, த, ப, ற இரட்டித்து வரும் சொல் அதற்குத் தோதாக இருக்கும். ‘வெட்டு’, ‘தப்பு’, ‘கொட்டு’ என்று சொல்லிப் பாருங்கள், வாய் மூடித் திறக்கும்போதே ஒரு அடி விழும். தாலாட்டு மாதிரி நகரும் இசைக்கு ங, ஞ, ந, ம, ன, ண நிறைந்த சொல் ஒத்துவரும். ய, ர, ல, வ, ழ, ள எழுத்துகள் ஓடிக்கொண்டே இருக்கும் இசைக்கு.

எங்கள் பட்டியலில் நாலு பெயர் நின்றன: ஆழி, நெய்தல், உப்பளம், உவர். ‘உப்பளம்’ பொருளில் கச்சிதம். ஆனால் நடுவில் வரும் ‘ப்ப’ எங்கள் பாட்டை விட அழுத்தமாக இருந்தது. ‘உவர்’ முழுக்க இடையெழுத்து. பாடகி அதை ஸ்ருதியோடு இழுத்துச் சொல்லிப் பார்த்தாள், பாட்டின் முதல் அடி மாதிரியே இருந்தது.

படி 2: பெயர் எந்த இசை வகையைக் காட்டுகிறது?

பெயரைப் பார்த்ததும் கேட்பவர் மனதில் ஒரு சத்தம் உருவாகிவிடும். ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். 2018-இல் சென்னையில் மேடையேறிய இந்தக் குழுவின் பெயர், அயோத்திதாசப் பண்டிதர் பயன்படுத்திய ‘ஜாதி இல்லாத தமிழர்கள்’ என்ற சொல்லாட்சியிலிருந்து வந்தது. ‘காஸ்ட்லெஸ்’ என்ற சொல் என்ன பாடப் போகிறார்கள் என்பதைச் சொல்கிறது. ‘கலெக்டிவ்’ என்ற சொல் மேடையில் ஒரு கூட்டமே நிற்கப் போகிறது என்பதைச் சொல்கிறது. கானாவும் ராப்பும் ராக்கும் கலந்து வரும்போது நமக்கு வியப்பாக இல்லை, பெயரே அதற்குத் தயார்படுத்திவிடுகிறது.

பெங்களூருவின் ‘அகம்’ கர்நாடக இசையையும் ராக்கையும் சேர்த்து வாசிக்கும் குழு. ஒற்றைச் செவ்வியல் சொல், உள்நோக்கிய பொருள். கொச்சியின் ‘தைக்குடம் பிரிட்ஜ்’ ஊர்ப் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டது, நாலைந்து மொழியில் பாடும் குழுவுக்கு ஓர் இடத்தின் பெயர் எந்த வகைக்குள்ளும் அடைக்காமல் இடம் விடுகிறது.

இதைச் சோதிக்க ஒரு சின்ன வேலை செய்யுங்கள். உங்கள் பாட்டைக் கேட்டிராத ஒருவரிடம் பெயரை மட்டும் சொல்லி, “இவங்க என்ன மாதிரி பாடுவாங்கன்னு தோணுது?” என்று கேளுங்கள். நாங்கள் ‘நெய்தல்’ என்றபோது பக்கத்து வீட்டு அக்கா, “பரதநாட்டியத்துக்குப் பாடுறவங்களா?” என்றார். அந்தப் பெயரை அன்றே அடித்துவிட்டோம்.

படி 3: வாய்ஸ் நோட் சோதனை

நான் அதிகம் வற்புறுத்துவது இந்தப் படியைத்தான். நம் ஆட்கள் பாட்டைத் தேடும்போது பெரும்பாலும் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். ஒரே சொல்லை ஆளுக்கொரு விதமாகத் தட்டுவார்கள். ழகரம் zh ஆகும், l ஆகும், சிலருக்கு z மட்டும். தகரம் th, dh, t என்று மூன்றாகும். நெடில் வந்தால் a ஒன்றா இரண்டா என்ற குழப்பம்.

நாலு பெயரையும் வாய்ஸ் நோட்டாகப் பேசி, பன்னிரண்டு பேருக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். “இதைத் தேடணும்னா எப்படித் தட்டுவீங்க? யோசிக்காம உடனே தட்டி அனுப்புங்க” என்று மட்டும் கேட்டேன். வந்த பதில்கள் இப்படி இருந்தன:

ஆழி: Aazhi, Azhi, Aali, Aazi, Ali
நெய்தல்: Neithal, Neidhal, Neythal, Neydhal
உப்பளம்: Uppalam, Upalam
உவர்: Uvar

‘உவர்’ என்று கேட்ட பன்னிரண்டு பேரும் ஒரே மாதிரி தட்டியிருந்தார்கள். அந்த இடத்திலேயே முடிவு ஆகிவிட்டது. உங்களுக்கு இவ்வளவு சுத்தமாக வராமல் போகலாம். பத்தில் ஏழு பேராவது ஒரே எழுத்தில் நின்றால் அந்தப் பெயரை வைத்துக்கொள்ளலாம். மூன்று நாலு விதமாகச் சிதறினால், எவ்வளவு அழகான சொல்லாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

எழுத்தை அலங்கரிக்கும் ஆசையையும் இங்கேயே பார்த்துவிடுவோம். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ராப் பாடகி எம்.ஐ.ஏ. தன் முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் இயக்கப் பெயரான ‘அருளர்’ என்பதை வைத்தார் (2005). அடுத்ததற்கு அம்மா பெயர் ‘கலா’ (2007). Arular, Kala இரண்டையும் உலகத்தில் யாரும் தட்டிவிடலாம். 2010-இல் வந்த ‘மாயா’வை அட்டையில் சாய்வுக் கோடுகளால் எழுதினார்:

```
/\/\ /\ Y /\
```

பார்க்க அற்புதம், ஆனால் போனில் தட்ட யாராலும் ஆகாது. அந்த நேரத்தில் அவரை உலகமே அறியும், அதனால் தாங்கியது. புதுக் குழுவுக்குத் தாங்காது. எழுத்தை மாற்றினால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும். ஸ்காட்லாந்தின் ‘சர்ச்சஸ்’ குழு CHVRCHES என்று u-வுக்குப் பதில் v போட்டது, தேடும்போது உண்மையான தேவாலயங்களோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காக. அது பயனுள்ள மாற்றம்.

படி 4: அந்தப் பெயரில் ஏற்கெனவே யார் இருக்கிறார்கள்?

ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், யூடியூப் மியூசிக் மூன்றிலும் பெயரைத் தட்டி, கலைஞர்கள் என்ற பிரிவில் பாருங்கள். அதே எழுத்தில் ஒருவர் இருந்தாலே உங்கள் பாட்டு அவர் பக்கத்தில் போய் விழக்கூடும், எங்கள் ‘அலை’க்கு நடந்தது அதுதான். தளங்கள் ஒவ்வொரு கலைஞருக்கும் தனி அடையாள எண் வைத்திருக்கின்றன. ஸ்பாட்டிஃபையில் அது spotify:artist: என்று தொடங்கும். முதல் வெளியீட்டில் உங்களிடம் அது இருக்காது, ஆகவே பாட்டை ஏற்றும் படிவத்தில் “புதிய கலைஞர், புதுப் பக்கம் வேண்டும்” என்ற பொருளில் வரும் தேர்வைக் கட்டாயம் குறியுங்கள். நான் அன்று அதைப் பார்க்காமல் தாண்டிவிட்டேன்.

ஆல்பத்துக்கும் பாட்டுக்கும் இன்னொரு கூட்டம் குறுக்கே நிற்கும்: சினிமாப் பாட்டு. ‘உயிரே’ என்று பெயர் வைத்தால் 1995-இன் ‘பம்பாய்’ படப் பாட்டுக்குப் பின்னால்தான் நீங்கள் நிற்க வேண்டும். நிலா, மழை, கண்ணே எல்லாம் இதே கதைதான். ஒற்றைச் சொல்லோடு எதிர்பாராத இன்னொரு சொல்லைச் சேர்த்தால் தனியாக நிற்கும்.

படி 5: ஆல்பத் தலைப்பைப் போன் திரையில் வைத்துப் பாருங்கள்

குழுவின் பெயர் எல்லா ஆல்பத்துக்கும் பொது. மனநிலையைச் சொல்லும் வேலை ஆல்பத் தலைப்புடையது. எங்கள் ஐந்து பாட்டும் 22 நிமிடம். முதலில் ‘நாலு பாத்தி’ என்று நினைத்தோம், உப்பு விளையும் வயலைப் பாத்தி என்றுதான் சொல்வார்கள். ஆனால் Naalu Paathi என்று எழுதியதும் ‘பாதி’ என்று வாசித்தார்கள். பிறகு ‘வெயில் காயும் உப்பளத்துப் பாடல்கள்’. போனில் வைத்தபோது ‘வெயில் காயும்’ வரை தெரிந்தது, மிச்சம் மூன்று புள்ளிக்குள் போய்விட்டது. பட்டியலில் நீளத் தலைப்பு எப்போதும் இப்படி வெட்டுப்படும், தமிழ் எழுத்து அகலம் என்பதால் இன்னும் சீக்கிரமே வெட்டுப்படும். அதனால் அடையாளச் சொல் முதலில் வர வேண்டும், தலைப்பு இரண்டு மூன்று சொல்லுக்குள் முடிய வேண்டும். கடைசியில் ‘உப்பு வெயில்’ என்று நின்றது. Uppu என்பதை யாரும் தப்பாகத் தட்ட மாட்டார்கள், வெயிலில் தடுமாறினாலும் முதல் சொல்லிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

இதைச் சோதிக்க எந்த மென்பொருளும் வேண்டாம். அட்டைப்படத்தைப் போனில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். தலைப்பு வாசிக்க முடியவில்லை என்றால் எழுத்தைப் பெரிதாக்குங்கள்.

படி 6: படிவத்தில் எழுதும்போது

ஒரே தலைப்பை இரண்டு எழுத்திலும், நடுவில் கோடு போட்டு ‘உப்பு வெயில் / Uppu Veyil’ என்று எழுதாதீர்கள். தளங்களின் விதிகளில் மொழிபெயர்ப்பைத் தலைப்போடு சேர்க்க இடமில்லை, திருப்பி அனுப்பிவிடுவார்கள். நாங்கள் படிவத்தில் ஆங்கில எழுத்தையும் அட்டையில் தமிழ் எழுத்தையும் வைத்தோம், சினிமா ஆல்பங்கள் செய்வதும் இதுதான்.

‘இ.பி.’, ‘சிங்கிள்’ என்ற சொற்களைத் தலைப்பில் நீங்களே சேர்க்க வேண்டாம். நாலு முதல் ஆறு பாட்டு, 30 நிமிடத்துக்குள் என்றால் ஆப்பிள் மியூசிக் தானாகவே Uppu Veyil - EP என்று காட்டும். கூடப் பாடியவர் பெயரையும் தலைப்பில் தட்டாமல், அதற்கென்று உள்ள கலைஞர் கட்டத்தில் கொடுங்கள். அட்டையில் இணைய முகவரியோ இன்ஸ்டாகிராம் பெயரோ இருந்தால் அட்டை நிராகரிக்கப்படும்.

வெளியீட்டு நாளுக்கு மூன்று நாலு வாரம் முன்பே ஏற்றிவிடுங்கள். ஸ்பாட்டிஃபையில் பாட்டுப் பட்டியல்களைத் தொகுப்பவர்களுக்குப் பாட்டை அனுப்ப குறைந்தது 7 நாள் முன்னதாகச் செய்ய வேண்டும், பக்கம் சரியாக உருவாகியிருக்கிறதா என்று பார்க்கவும் அந்த நாட்கள் உதவும். பக்கம் வந்ததும் அதன் முகவரியைக் குழுவின் எல்லோர் போனிலும் சேமித்து வையுங்கள். அடுத்த பாட்டை ஏற்றும்போது படிவம் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.