வளைவுகளில் நீண்ட தையலைச் சீராக்கிய விதம்

தையல் இயந்திரத்தில் துணியை அடியிலிருந்து நகர்த்தும் ஃபீட் டாக் பற்களை இறக்கிவிட்டால் துணியை நகர்த்துவது நம் கை மட்டுமே என்பதால், ஊசியின் வேகமும் கையின் வேகமும் சேர்ந்தே தையலின் நீளத்தைத் தீர்மானிக்கின்றன. துணி அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும் என் குயில்ட் போர்வையில் நேர்கோடுகள் சீராக விழ, வளைவுகளில் மட்டும் தையல் 4 மி.மீ. வரை நீண்டது. கவனித்துப் பார்த்தபோது, வளைவு வந்ததும் கால் பெடலைத் தளர்த்துவதும், கை முன்போலவே ஓடுவதும் தெரிந்தது. ஆகவே வேகக் கட்டுப்பாட்டை நிமிடத்துக்கு 600 தையல் என்ற அளவில் வைத்து, பெடலை முழுவதும் அழுத்தியபடி, நொடிக்கு 2.5 செ.மீ. வீதம் கையை நகர்த்தினேன்; அப்போது ஒவ்வொரு தையலும் 2.5 மி.மீ. நீளத்தில் அமைகிறது. கையை மாற்றிப் பிடிக்கும்போது ஊசியைத் துணிக்குள் இறக்கியே நிறுத்துகிறேன். குயில்ட்டின் கனம் மேசை விளிம்பிலிருந்து தொங்கிக் கையைப் பின்னிழுத்தால் தையல் குறுகிவிடும். அதனால் அதைப் பக்கத்து நாற்காலியில் தாங்க வைப்பதும் அவசியம்.